வேலிச் சட்டத்தை வைத்துப் பறவையை அளந்தோம்: 2.1 மீட்டர் 1.6 ஆன கதை

பின்னணி

நீர்நிலை ஒன்றின் கரையில் மாலை நேரத்தில் எடுக்கப்பட்ட படம் அது. சூரியன் தாழ்ந்து, படம் எடுத்தவருக்கு நேர் எதிரே இருந்தது. பெரிய வேட்டைப் பறவை ஒன்று அவர் பக்கமிருந்து தண்ணீரை நோக்கித் தாழப் பறந்து, கரையோரம் இருந்த மரவேலியைத் தாண்டி அப்பால் இறங்கியது. வெளிச்சம் எதிரில் இருந்ததால் பறவை முழுக்கக் கறுப்பாக, நிழலுருவாக மட்டுமே பதிந்திருந்தது. வயிறு வெள்ளையா பழுப்பா, கண்ணருகே பட்டை உண்டா என்று எதையும் பார்க்க முடியவில்லை.

படம் எடுத்தவர் அதைக் கடற்கழுகு என்று நினைத்தார். அந்தப் பகுதியில் அந்தப் பறவை அதுவரை பதிவானதில்லை. பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் நால்வரில் நானும் ஒருவன். நிறம் தெரியாத படத்தில் எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு: பறவையின் வடிவம், அதன் அளவு. இன்னொரு வாய்ப்பு விராலடிப்பான். அதன் இறக்கை விரிவு ஏறத்தாழ 1.45 முதல் 1.7 மீட்டர் வரை இருக்கும். பெரிய கடற்கழுகுகளுக்கோ அது 2 மீட்டரை ஒட்டியோ தாண்டியோ போகும். ஆகவே இறக்கை விரிவை ஓரளவு நம்பும்படி சொல்ல முடிந்தால் கேள்வி தீர்ந்துவிடும் என்று தோன்றியது. படத்திலேயே பறவைக்குப் பக்கத்தில் வேலி இருந்தது, அதில் தூணுக்குத் தூண் ஓடும் கிடைச் சட்டம் 2.4 மீட்டர் நீளம் என்பதும் தெரிந்திருந்தது.

முதல் அளவீடு

எங்களுக்கு முதலில் வந்தது ஒரே ஒரு படம். பின்னால் பிரேம்களை எண்ணியபோது அது தொடரில் மூன்றாவது என்று தெரிந்தது. பறவை பெரிதாகத் தெரிந்த படங்களில் மிகத் தெளிவானது அதுதான் என்பதால் அதை அனுப்பியிருந்தார்.

குழுவில் ஒருவர் படத்தைத் திறந்து, ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவரை பிக்சல்களை எண்ணினார். 2400 வந்தது. சட்டம் 2.4 மீட்டர். ஆகவே ஒரு பிக்சலுக்கு 1 மில்லிமீட்டர். பறவையின் ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை 2110 பிக்சல். விடை 2.11 மீட்டர். கணக்கு இவ்வளவு வசதியாக வந்ததே எங்களை மெத்தனமாக்கிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். வகுக்க வேண்டிய தேவைகூட இல்லாமல் பிக்சல் எண்ணிக்கையே மில்லிமீட்டராக நின்றது. நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், 2106 வந்தது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி நான்கு பிக்சல்தான் வித்தியாசம் என்றதும் அளவு உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். கடற்கழுகு என்று ஏற்கலாம் என்று மூவர் ஒப்புதல் தந்தோம், நான் உட்பட.

எண்ணியதில் பிழை இல்லை. எண்ணிய பிக்சலை மீட்டராக்கிய இடத்தில்தான் இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டுமே பறவையைப் பெரிதாக்கும் பக்கம் சாய்ந்தவை.

ஐயம் எழுந்தது

நான்காமவர் ஒப்புதல் தரவில்லை. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “இடது இறக்கை நுனி மேல்சட்டத்தை மறைக்கிறதே, அப்படியென்றால் பறவை வேலிக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறது? எவ்வளவு இந்தப் பக்கம்?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வேலிச் சட்டம் தரும் அளவுகோல் வேலி நிற்கும் தூரத்துக்கு மட்டுமே பொருந்தும். பறவை அதைவிட நமக்கு அருகில் இருந்தால், அதே பறவை படத்தில் கூடுதல் பிக்சல்களைப் பிடிக்கும். வேலியின் அளவுகோலால் அளந்தால் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். தொலைவில் இருந்தால் சிறிதாகத் தெரியும். எவ்வளவு பிழை என்பது தூரங்களின் விகிதத்தைப் பொறுத்தது. வேலி 60 மீட்டரிலும் பறவை 50 மீட்டரிலும் இருந்தால், அளவு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். நீண்ட லென்ஸில் எடுத்த படத்தில் முன்னும் பின்னும் இருப்பவை நெருக்கி வைத்ததுபோலத் தெரிவதால், பத்து மீட்டர் இடைவெளி கண்ணுக்குப் படவே படாது. பறவை வேலிமேல் உரசிப் போவதுபோலத்தான் அந்தப் படத்தில் இருந்தது.

அவரே இன்னொன்றையும் காட்டினார். படத்தின் இடது தூணைவிட வலது தூண் சற்றுக் குட்டையாக இருந்தது. எல்லாத் தூண்களும் ஒரே உயரம் என்றால், வலது தூண் தொலைவில் நிற்கிறது. அதாவது வேலி கேமராவுக்கு நேர் குறுக்காக ஓடவில்லை. சாய்ந்து விலகி ஓடுகிறது. சாய்ந்து ஓடும் சட்டம் படத்தில் தன் முழு நீளத்தையும் காட்டாது. குறுகித் தெரியும் சட்டத்துக்கு 2.4 மீட்டர் என்று பெயர் வைத்தால், ஒவ்வொரு பிக்சலும் உண்மையைவிட அதிக மில்லிமீட்டர் பெற்றுவிடும்.

ஒப்புதலைத் திரும்பப் பெற்றோம். படம் எடுத்தவரிடம் அந்தத் தொடரின் எல்லாப் படங்களையும் வெட்டாமல், மூல அளவிலேயே அனுப்பும்படி கேட்டோம். வேலி இருக்கும் இடத்துக்கு ஒருநாள் கூட வர முடியுமா என்றும் கேட்டோம். இரண்டுக்கும் அவர் உடனே சம்மதித்தார். இந்த ஆய்வு முடிவுக்கு வந்ததே அவர் அழிக்காமல் வைத்திருந்த பதினாறு படங்களால்தான்.

வேலியை அளந்தது

அவர் அன்று நின்ற இடத்தைப் படத்தின் பின்புலத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். தள்ளித்தள்ளி நின்ற இரண்டு வேலித் தூண்கள் ஒவ்வொன்றும் படத்தில் உள்ளதுபோல எதிர்க்கரை மரம் ஒன்றோடு ஒரே கோட்டில் வரும்வரை நகர்ந்து பார்த்ததில், ஓரடி அளவுக்குள் இடம் பிடிபட்டது. அங்கிருந்து வேலிவரை டேப்பால் அளந்தோம்: 58.1 மீட்டர்.

பிறகு வேலியை அளந்தோம். தூண் நடுவிலிருந்து தூண் நடுவரை 2.41 மீட்டர். சொல்லப்பட்ட அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தடுத்த இடைவெளிகளில் 5 சென்டிமீட்டர்வரை ஏற்றத்தாழ்வு இருந்ததால், படத்தில் இருக்கும் அதே இடைவெளியை அளந்தது நல்லதாயிற்று. சட்டப் பலகையின் அகலம் 15 சென்டிமீட்டர் என்று சொல்லியிருந்தார்கள்; இழைத்ததில் தேய்ந்து 14தான் இருந்தது. அந்த அகலத்தை நம்பி அளந்திருந்தால் அதுவே 7 விழுக்காடு பிழை.

எங்களுக்கு உண்மையில் உதவியது நீளமும் அல்ல, பலகையின் அகலமும் அல்ல. மேல்சட்டத்தின் மேல் விளிம்புக்கும் கீழ்ச்சட்டத்தின் மேல் விளிம்புக்கும் இடையே உள்ள செங்குத்து உயரம்தான். அது 0.90 மீட்டர். வேலி எந்தப் பக்கம் சாய்ந்து ஓடினாலும் செங்குத்து உயரம் குறுகாது. கேமராவும் வேலியும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்ததால், மேலிருந்து கீழே பார்ப்பதால் வரும் குறுக்கமும் இல்லை. ஒரு குன்றின் மேலிருந்து எடுத்த படமென்றால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. பலகையின் அகலமும் செங்குத்துதான் என்றாலும், அது படத்தில் 162 பிக்சல்தான். விளிம்பு மூன்று பிக்சல் தள்ளிப் போனாலே 2 விழுக்காடு தவறிவிடும். 0.90 மீட்டர் உயரமோ ஆயிரம் பிக்சலுக்கு மேல் வந்தது. தூணின் முழு உயரத்தை எடுக்கவில்லை, அடிப்பகுதியைப் புல் மறைத்திருந்தது.

இடது தூண் அருகே அந்த உயரம் 1050 பிக்சல், வலது தூண் அருகே 1028, நடுவில் 1039. நடுவில் பார்த்தால் ஒரு பிக்சலுக்கு 0.866 மில்லிமீட்டர். நாங்கள் முதலில் எடுத்துக்கொண்ட 1 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால், வேலி சாய்ந்து ஓடியதால் மட்டும் அளவுகோல் 15 விழுக்காட்டுக்கு மேல் பெரிதாகியிருந்தது தெரிந்தது. சட்டம் படத்தளத்திலிருந்து சுமார் 30 பாகை திரும்பியிருந்தது. முப்பது பாகைச் சாய்வை நேரில் நின்று பார்த்தவர் கவனித்திருப்பார். படத்தில் நாங்கள் மூவரும் கவனிக்கவில்லை.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழி கைவசம் இருந்தது. லென்ஸ் 400 மில்லிமீட்டர், சென்சாரில் ஒரு பிக்சலின் அளவு 6 மைக்ரான். அப்படியென்றால் ஒரு பிக்சல் ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் 0.015 மில்லிமீட்டரைப் பிடிக்கும். 0.866ஐ அதனால் வகுத்தால் 57.7 மீட்டர். டேப் சொன்னது 58.1. லென்ஸில் எழுதியிருக்கும் எண் முழு எண்ணாக்கப்பட்டது என்பதை நினைத்தால் இந்த ஒப்புமை போதும்.

புதிய அளவுகோலில் மூன்றாம் படத்தின் பறவை 2.11 மீட்டரிலிருந்து 1.83க்கு இறங்கியது. இது பறவை வேலியின் தூரத்திலேயே இருந்தால் வரும் எண். அது வேலிக்கு முன்னால் இருந்தது என்பது ஏற்கெனவே தெரியும்.

முன்னா, பின்னா

இந்தப் பகுதிதான் இந்த நிகழ்வில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பறவை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று ஒற்றைப் படம் சொல்லாது. ஆனால் எது எதை மறைக்கிறது என்பது அளவின் ஓர் எல்லையைச் சொல்லும். இறக்கை சட்டத்தை மறைத்தால் பறவை வேலிக்கு முன்னால் இருக்கிறது. வேலியின் அளவுகோலால் வரும் எண் உண்மையைவிடப் பெரிது. அது மேல் எல்லை. சட்டம் பறவையை மறைத்தால் பறவை வேலிக்கு அப்பால் இருக்கிறது. வரும் எண் உண்மையைவிடச் சிறிது. அது கீழ் எல்லை. இரண்டும் இல்லாமல் பறவை வானத்தின் மீது மட்டும் தெரிந்தால், வேலி படத்தில் இருந்தும் பயனில்லை.

பதினாறு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். கேமரா விநாடிக்குப் பத்துப் படம் எடுத்திருந்தது. எடுத்தவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை, கேமராவை மட்டும் திருப்பியிருந்தார். லென்ஸும் குவியத்தூரம் மாறாத ஒன்று. ஆகவே வேலியின் அளவுகோல் எல்லாப் படங்களுக்கும் ஒன்றே. (வேலி சாய்ந்து ஓடுவதால், பறவைக்குக் கீழே இருக்கும் சட்டப் பகுதிக்கேற்ப அளவுகோல் சற்று மாறும். தாளில் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் போட்டோம். வித்தியாசம் ஒரு விழுக்காட்டளவே என்பதால் இங்கே 0.866ஐயே எழுதுகிறேன்.)

மூன்றாம் படத்தில் 2110 பிக்சலாக இருந்த பறவை படிப்படியாகச் சுருங்கியது. பத்தாம் படத்தில் 1838 பிக்சல். அதில் தாழ்ந்திருந்த இடது இறக்கை நுனி மேல்சட்டத்தின் விளிம்பை இன்னும் மறைத்துக்கொண்டிருந்தது. அப்படி மறைத்த கடைசிப் படம் அதுதான். பதினொன்று முதல் பதினான்குவரை பறவை சட்டத்துக்கு மேலே, தண்ணீரின் பளபளப்பின் மீது மட்டும் தெரிந்தது. பதினைந்தாம் படத்தில் கால்களை இறக்கியிருந்தது. விரல்கள் மேல்சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தன. அந்தப் படத்தில் இறக்கை விரிவு 1684 பிக்சல்.

ஆகவே பத்தாம் படம் மேல் எல்லை: 1838ஐ 0.866ஆல் பெருக்க 1.59 மீட்டர். பதினைந்தாம் படம் கீழ் எல்லை: 1.46 மீட்டர். பறவை எத்தனை மீட்டர் முன்னால் இருந்தது என்று யாரும் ஊகிக்காமலேயே, இறக்கை விரிவு 1.46க்கும் 1.59க்கும் இடையில் அடைபட்டுவிட்டது. பத்தாம் படத்துக்கும் பதினைந்தாம் படத்துக்கும் நடுவே எங்கோ அது வேலியைத் தாண்டியிருக்கிறது. தாண்டிய அந்தக் கணத்தில் வேலியின் அளவுகோல் பறவைக்கும் சரியாகப் பொருந்தும்.

மூன்றாம் படத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தது ஏன் தவறு என்பதும் இதிலேயே தெரிந்தது. பறவை விரிவு 1.5 மீட்டரளவு என்றால், அந்தப் படத்தில் அது சுமார் 47 மீட்டரில், வேலிக்குப் பத்து மீட்டர் முன்னால் இருந்திருக்கிறது. தெளிவாகத் தெரிகிறது என்று நாங்கள் நம்பிய படம், பறவை நமக்கு மிக அருகில் இருந்த படங்களில் ஒன்று. அளவுக்கு அது மிக மோசமான தேர்வு.

கடற்கழுகு என்ற வாதத்தை இன்னொரு பக்கமாகவும் சோதித்தோம். பறவை உண்மையில் 2.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் படத்தில் 2110 பிக்சலாகத் தெரிய அது 66 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்திருக்க வேண்டும். அதாவது வேலிக்கு எட்டு மீட்டர் அப்பால். ஆனால் அதே படத்தில் அதன் இறக்கை வேலியை மறைக்கிறது. அப்பால் இருக்கும் இறக்கை இப்பால் இருக்கும் சட்டத்தை மறைக்க முடியாது. முதல் நாளே இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

இறக்கை முழுதாக விரிந்திருந்ததா

கையேடுகளில் இருக்கும் இறக்கை விரிவு, இறக்கைகளை நீட்டி விரித்து நுனிக்கு நுனி அளந்தது. பறக்கும் பறவை எப்போதும் அப்படி இருப்பதில்லை. எங்கள் எண்ணையும் கையேட்டு எண்ணையும் ஒப்பிடும் முன் இரண்டு திருத்தங்கள் தேவைப்பட்டன. இரண்டும் பறவையைப் பெரிதாக்குபவை. அளவைக் குறைத்த உற்சாகத்தில் இவற்றை விட்டுவிடக் கூடாது என்று நாங்கள் கவனமாக இருந்தோம்.

முதலாவது, பறவை எங்களுக்கு நேர் முதுகைக் காட்டிப் போகவில்லை. பத்தாம் படத்திலிருந்து பதினைந்துவரை அது ஏறத்தாழ 5 மீட்டர் விலகிப் போனபோது, தூண்களை வைத்துப் பார்த்தால் 1.25 மீட்டர் இடப்பக்கமும் நகர்ந்திருந்தது. அதன் போக்கு பார்வைக் கோட்டிலிருந்து 14 பாகை திரும்பியிருந்தது. இறக்கைகளும் அதே அளவு திரும்பியிருந்தால் அவை 3 விழுக்காடு குறுகித் தெரியும். பக்கவாட்டுக் காற்று இருந்தால் பறவை நோக்கும் திசையும் போகும் திசையும் வேறாக இருக்கலாம். வால் உடலுக்கு நேர் நடுவில் தெரியாமல் சற்று ஒதுங்கித் தெரிந்ததால், திருப்பம் உண்மை என்று ஏற்றோம். ஆனாலும் 14 பாகையில் நான்கைந்து பாகை முன்பின் இருக்கலாம். பறவை ஒரு பக்கம் சரிந்திருந்தது வேறு விஷயம். சரிவுக்குத் திருத்தம் தேவையில்லை, அந்தச் சாய்ந்த கோட்டிலேயே நுனிக்கு நுனி அளந்தால் போதும்.

இரண்டாவது, மணிக்கட்டு மடங்கல். பறவை இறக்கைகளை அடிக்காமல் மிதந்து போகும்போது அவை மணிக்கட்டில் வளைந்து, முன்னிருந்து பார்த்தால் விரித்த வில்போலத் தெரிந்தன. அப்போது நுனிக்கு நுனி தூரம் முழு விரிவைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு? நல்லவேளையாக ஆறாம் படத்தில் அது ஒரே ஒருமுறை இறக்கை அடித்திருந்தது. அடி பாதி இறங்கிய நிலையில் இரண்டு இறக்கைகளும் நீண்டு நேராக இருந்தன. முன்னும் பின்னும் உள்ள மிதவைப் படங்களை வைத்து ஆறாம் படத்தில் எவ்வளவு வர வேண்டும் என்று பார்த்தால் 1984 பிக்சல். வந்தது 2080. ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுதல்.

இரண்டு திருத்தங்களையும் சேர்த்தால் 1.46–1.59 என்பது 1.58–1.72 ஆயிற்று. நுனி விளிம்பைக் குறிப்பதிலும் பிழை உண்டு. நுனிச் சிறகுகள் அசைவில் மங்கியிருந்தன. மூவர் தனித்தனியாக எண்ணியதில் பன்னிரண்டு பிக்சல்வரை வேறுபட்டோம். அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, திருப்பக் கோணத்தின் ஐயத்தோடு ஒப்பிட்டால் சிறிது. எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, 1.55 முதல் 1.75 மீட்டர் என்று எழுதினோம்.

கழியை வைத்துச் சோதித்தது

கணக்கு சரியாகத் தோன்றினாலும், முதல் கணக்கும் எங்களுக்குச் சரியாகத்தான் தோன்றியது. அதனால் வேலியை அளந்த அன்றே ஒரு சோதனை செய்தோம். சரியாக 1.50 மீட்டர் நீளமுள்ள மரக்கழி ஒன்றை ஒருவர் கிடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே கேமரா, அதே லென்ஸ், அதே இடம். கழியை வேலியோடு ஒட்டிப் பிடித்து ஒரு படம், வேலிக்குப் பத்து மீட்டர் முன்னால் ஒரு படம், ஐந்து மீட்டர் அப்பால் ஒரு படம்.

படங்களை அளந்தவருக்கு எது எங்கே எடுத்தது என்று சொல்லவில்லை. வேலியின் செங்குத்து அளவுகோலை வைத்து அவர் தந்த எண்கள்: வேலியில் 1.49, முன்னால் 1.81, அப்பால் 1.38 மீட்டர். முன்னால் பிடித்த கழியை எங்கள் பழைய அளவுகோலால், ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டர் என்று அளந்து பார்த்தபோது 2.09 மீட்டர் வந்தது. ஒன்றரை மீட்டர்க் கழி, நாங்கள் கடற்கழுகுக்குக் கொடுத்த அளவை இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் தொட்டு நின்றது. படம் எடுத்தவரும் உடன் இருந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் விவாதம் எதுவும் எழவில்லை.

பதிவு என்ன ஆனது

கடற்கழுகு என்ற பதிவு நீக்கப்பட்டது. ஆனால் அளவை மட்டும் வைத்து விராலடிப்பான் என்று எழுதவும் நாங்கள் துணியவில்லை. 1.75 என்ற மேல் விளிம்பை ஒட்டியே கடற்கழுகுக் குடும்பத்தின் சிறிய உறுப்பினர்களின் அளவு தொடங்கிவிடுகிறது. பெரியது அல்ல என்று அளவு சொல்லும். இன்னது என்று சொல்லும் வலு அதற்கு இல்லை. அதை வடிவம் சொன்னது: நீளத்துக்குப் பொருந்தாத ஒடுங்கிய இறக்கை, மிதக்கும்போது மணிக்கட்டில் தெளிவாகத் தெரிந்த முறிவு, இறக்கைக்கு முன்னால் சிறிதே துருத்திய தலை. கடற்கழுகின் இறக்கை பலகைபோல அகலமாகவும், கழுத்தும் தலையும் நன்றாக முன்னே நீண்டும் இருக்கும். இந்த வடிவ வேறுபாட்டை முதல் நாளே படத்தில் பார்த்திருந்தோம். 2.11 என்ற எண் கையில் இருந்ததால், அதற்கு ஏற்ப வடிவத்தை விளக்கிவிட்டோம். எண் வந்த பிறகு கண் அதற்குப் பணிந்துவிடுகிறது. அளவெடுப்பவரும் வடிவம் பார்ப்பவரும் ஒருவர் முடிவை ஒருவர் அறியாமல் எழுதியிருக்க வேண்டும்.

ஒன்பது நாள் கழித்து அதே கரையில், காலை வெளிச்சத்தில், வேலித் தூண்மீது உட்கார்ந்திருந்த விராலடிப்பான் ஒன்றை அதே நபர் படமெடுத்தார். அது அதே பறவை என்பதற்குச் சான்றில்லை, ஆகவே அதைத் தனிப் பதிவாகவே வைத்தோம்.

நாங்கள் மாற்றிக்கொண்டது

இப்போது அளவு கேட்டு ஒரு படம் வந்தால் முதலில் தொடர் முழுவதையும் கேட்கிறோம். ஒற்றைப் படமாக மட்டுமே இருந்தால், எது எதை மறைக்கிறது என்று பார்த்து, “இதற்கு மேல் இராது” அல்லது “இதற்குக் கீழ் இராது” என்று ஒரு பக்க எல்லையை மட்டும் எழுதுகிறோம். மறைப்பே இல்லையென்றால் அளவு எழுதுவதில்லை. இதில் சிலருக்கு வருத்தம் உண்டு. படத்தில் வேலி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் எண் தர மறுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கழியின் மூன்று படங்களை அனுப்புகிறோம்.

சட்டத்தின் நீளத்தை அளவுகோலாக எடுப்பதை நிறுத்திவிட்டோம். படத்தில் இரண்டு தூண்களின் உயரம் ஒன்றாக இருந்தால் தவிர, செங்குத்து இடைவெளியையே எடுக்கிறோம். தூண் சாய்ந்து நிற்கிறதா என்றும் பார்க்கிறோம். வேலியின் அளவைச் சொல்பவர் டேப்பால் அளந்தாரா, வாங்கியபோது சொன்ன அளவைச் சொல்கிறாரா என்று தனியாகக் கேட்டுக் குறிக்கிறோம்.

நாங்கள் அன்று செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. பதினொன்று முதல் பதினான்குவரையுள்ள நான்கு படங்களில் பறவையின் பிம்பம் தண்ணீரில் விழுந்திருக்கிறதா என்று நாங்கள் தேடவில்லை. நீர்மட்டமும் கேமராவின் உயரமும் தெரிந்தால், பறவையும் அதன் பிம்பமும் விழும் இடங்களைச் சேர்த்து வைத்துத் தூரத்துக்கு இன்னொரு குறிப்பு எடுக்க வழி உண்டு. பின்னால் தேடியபோது பதின்மூன்றாம் படத்தில் மங்கலாக ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. அன்றைய நீர்மட்டத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. ஆகவே 1.55–1.75 என்பதை அப்படியே விட்டு, அந்தப் படத்தையும் பதிவோடு இணைத்து வைத்திருக்கிறோம்.